'எல்லா உதவியும் செய்தோம்' என்று எழுதலாமா?

கேள்வி: நான் ஒரு கணக்குப் பிரிவின் மேலாளர். என் டீமில் இன்வாய்ஸ் பதிவு செய்பவர் ஒருவருக்கு எட்டு வார பிஐபி, அதாவது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், கொடுத்தோம். அது முடிந்துவிட்டது, டார்கெட்டை அவர் எட்டவில்லை. பணிநீக்கக் கடிதத்தை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள் எச்.ஆரில். 'எங்களால் முடிந்த எல்லா உதவியும் செய்தும் தாங்கள் அலட்சியமாக நடந்துகொண்டதால்...' என்று தொடங்கி ஒரு வரைவு எழுதினேன், எனக்கே திருப்தி இல்லை. ஐந்து வருடம் கூட வேலை பார்த்தவர். தவறுகள் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அதை எழுதினால் நம் முடிவு பலவீனமாகிவிடுமா? இன்னொன்று: வாராந்திரச் சந்திப்புகளில் இரண்டை நான்தான் நடத்தாமல் விட்டேன். அதைக் கடிதத்தில் சொல்ல வேண்டுமா? வரைவு, பிஐபி தாள், வாராந்திரக் குறிப்புகள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வரைவில் எனக்கு உறுத்திய சொற்கள் இரண்டு. ஒன்று 'எல்லா', இன்னொன்று 'அலட்சியம்'.

'எல்லா உதவியும்' என்று எழுதினால் அதை உடைக்க ஒரே ஒரு உதாரணம் போதும். அது அவர் கையிலேயே இருக்கிறது: நீங்கள் நடத்தாத அந்த இரண்டு சந்திப்புகள். மேல்முறையீட்டிலோ தொழிலாளர் விசாரணையிலோ அவர் அதை எடுத்து வைத்தால், சந்திப்பு நடக்காதது கூடப் பெரிதாகத் தெரியாது. நீங்கள் அதை மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். அப்புறம் கடிதத்தில் இருக்கும் உண்மையான வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சொல்லுங்கள். எந்தத் தேதி, ஏன் நடக்கவில்லை, பதிலுக்கு என்ன செய்தீர்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

'அலட்சியம்' வேறு வகைச் சிக்கல். எச்.ஆர். வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு கடிதத்தில் 'பொறுப்பற்ற மனப்பான்மை' என்று எழுதினேன். அந்த ஊழியர் மேல்முறையீடு செய்தார். விசாரித்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "மனப்பான்மை எந்தத் தாளில் பதிவாகியிருக்கிறது?" என்று கேட்டார். பிழைக் கணக்கு பக்கம் பக்கமாக இருந்தது, அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு தாளும் இல்லை. மீதி நேரம் முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றியே போனது, பிழைகளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. உங்கள் பிஐபி தாளில் 'அலட்சியம்' என்று எங்கும் இல்லை. 100 இன்வாய்ஸில் எத்தனை தவறு என்றுதான் இருக்கிறது. பிஐபியில் எதை அளந்தீர்களோ அதைத்தான் கடிதம் பேச வேண்டும். புதுக் காரணம் எதையும் கடைசிக் கடிதத்தில் நுழைக்கக் கூடாது. போன மாதம் இரண்டு நாள் தாமதமாக வந்தார் என்பதெல்லாம் இப்போது நினைவுக்கு வரும், அப்படியே விட்டுவிடுங்கள்.

கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: பிஐபியில் என்ன உதவி செய்வதாகச் சொன்னோம், என்ன செய்தோம், அதற்கு என்ன சான்று. உங்கள் குறிப்புகளை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். மூத்த ஊழியர் ஒருவர் முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அருகில் உட்கார்ந்து சொல்லித்தருவார் என்று சொல்லியிருக்கிறீர்கள். பத்து நாளும் நடந்திருக்கிறது, அந்த ஊழியரின் குறிப்பு இருக்கிறது. கணக்குக் குறியீடு பற்றி இரண்டு பயிற்சி வகுப்புகள்; மார்ச் 12, 19 இரண்டிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. பதிவுக்கு முன் டிக் செய்ய ஒரு சரிபார்ப்புப் பட்டியல். மார்ச் 10-ஆம் தேதி கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரச் சந்திப்பு, மொத்தம் எட்டு, நடந்தவை ஆறு. மார்ச் 28, ஏப்ரல் 11 இரண்டும் நடக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கும் அடுத்த திங்கட்கிழமையே பிழைக் கணக்கையும் எந்தெந்த இன்வாய்ஸ் என்ற பட்டியலையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்கள். இது நல்ல சான்று. நீங்கள் ஏன் இதை வரைவில் சேர்க்கவில்லை என்று புரியவில்லை.

மூன்றாவது நெடுவரிசையில் வெற்றிடம் இருந்தால், அந்த உதவியைக் கடிதத்தில் எழுதவே கூடாது. 'அவ்வப்போது வாய்மொழியாக வழிகாட்டினோம்' என்ற வரி உங்கள் வரைவில் இருக்கிறது. தேதி இல்லை, குறிப்பு இல்லை, எடுத்துவிடுங்கள்.

விடுபட்டது சந்திப்பாக இல்லாமல் அந்தப் பயிற்சி வகுப்பாக இருந்திருந்தால் என் பதிலே மாறியிருக்கும். எந்தத் தவறைத் திருத்தச் சொன்னோமோ அதற்கான பயிற்சியையே கொடுக்காமல் ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. அப்போது பயிற்சியைக் கொடுத்து, பிஐபியை மூன்று நான்கு வாரம் எழுத்தில் நீட்டித்து, அதன் பிறகுதான் முடிவைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருப்பேன். பிஐபி நடக்கும்போது அவர் நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்திருந்தாலும் அப்படித்தான். உங்கள் வழக்கில் இரண்டும் இல்லை. இருந்தாலும் கோப்பில் இன்னும் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: இந்த எட்டு வாரத்துக்குள், அல்லது அதற்குச் சற்று முன், அவருக்கு 'சிறப்பான பணி' என்று அப்ரைசலோ சம்பள உயர்வுக் கடிதமோ போயிருக்கிறதா? எச்.ஆர். கணினியிலிருந்து அச்சுக் கடிதம் தானாகப் போய்விடுவது உண்டு. இருந்தால், பணிநீக்கக் கடிதம் அதற்கு முரணாக நிற்கும். அதேபோல், அவர் சமீபத்தில் யார் மீதாவது புகார் கொடுத்திருந்தாலோ, சட்டம் பாதுகாக்கும் விடுப்பு எதற்காவது விண்ணப்பித்திருந்தாலோ, கடிதத்தை நிறுத்திவிட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். நேர்மையான முடிவுகூட அந்த நேரத்தில் பழிவாங்கலாகத் தெரியும்.

இப்போது முன்னேற்றத்தைப் பற்றிய கேள்வி. வாரா வாரம் 100 இன்வாய்ஸ் எடுத்துச் சரிபார்த்ததில் கிடைத்த பிழைகள்: 9, 9, 7, 6, 6, 5, 5, 6. கடைசி இரண்டு வாரமும் தலா 2-க்கு மேல் போகக் கூடாது என்பது டார்கெட். இதில் இறக்கம் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? எழுதுங்கள். 'குறைந்தது, ஆனால் போதிய அளவு குறையவில்லை' என்று சொல்லும் கடிதம் பலவீனமானது இல்லை. எண்களை நிதானமாகப் பார்த்தவர் எழுதியது என்று அது காட்டும்.

இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பாருங்கள். பிழைகளை வகை பிரித்தேன். முதல் வாரத்தின் 9-இல் 5 தவறான கணக்குக் குறியீடு. மீதி 4 தொகையை மாற்றித் தட்டியது, ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை பதிந்தது. கடைசி வாரத்தின் 6-இல் குறியீட்டுப் பிழை 1 மட்டுமே. தொகைப் பிழையும் இரட்டைப் பதிவும் 5. ஆக, பயிற்சி கொடுத்த இடத்தில் அவர் திருந்தியிருக்கிறார். மற்ற இரண்டு வகையும் குறையவே இல்லை. இதைப் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி, மேல்முறையீட்டில் இருப்பவருக்கும் எழும்: அந்த இரண்டு வகைக்கும் நீங்கள் என்ன உதவி செய்தீர்கள்? அதற்குத்தான் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். அதன் மூன்றாவது, நான்காவது வரிகள் 'தொகையை மீண்டும் ஒப்பிட்டேன்', 'இன்வாய்ஸ் எண்ணைத் தேடிப் பார்த்தேன்' என்றே இருக்கின்றன. மார்ச் 10 முதல் ஏப்ரல் 25 வரை 35 வேலை நாள். அவர் நிரப்பிக் கொடுத்தது 21 நாள். 'அலட்சியம்' என்ற சொல்லால் நீங்கள் சொல்ல நினைத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். 21/35 என்பதே அதைச் சொல்லிவிடும், யாரும் மறுக்கவும் முடியாது.

கடிதத்துக்கு முன் நடக்க வேண்டியது இன்னொன்று: இறுதி ஆய்வுச் சந்திப்பு. ஏப்ரல் 28-ஆம் தேதி அது நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது, நல்லது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் எண் உடன்படிக்கை, ஒருவரின் நடத்தையையோ வேலைத் திறனையோ காரணம் காட்டி நீக்குவதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் 166-ஆம் எண் பரிந்துரை, திறன் போதாது என்று நீக்குவதானால் முதலில் தகுந்த அறிவுறுத்தலும் எழுத்துப்பூர்வ எச்சரிக்கையும் கொடுத்து, திருந்துவதற்கு நியாயமான கால அவகாசமும் தந்திருக்க வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. இருந்தாலும், ஒரு பணிநீக்கக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது: எச்சரித்தோமா, சொல்லித்தந்தோமா, அவகாசம் கொடுத்தோமா, அவர் சொன்னதைக் கேட்டோமா.

அந்தச் சந்திப்பில் அவர் 'எனக்கு மட்டும் அதிக இன்வாய்ஸ் வருகிறது' என்று சொன்னதாகக் குறித்திருக்கிறீர்கள். வரைவில் அதற்குப் பதிலே இல்லை. எண்ணைப் பார்த்தால் அவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 45, டீமின் சராசரி 48. இதைக் கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டும். அவர் எழுப்பிய ஆட்சேபத்தைப் பரிசீலித்தோம் என்பதற்கு அதுதான் தடயம். ஒருவேளை எண் மாறி, அவருக்கு 70-உம் மற்றவர்களுக்கு 48-உம் என்று வந்திருந்தால், கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

சரி, இந்தப் பொருளையெல்லாம் வைத்து நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> ஏப்ரல் 30
>
> திரு. ............. அவர்களுக்கு,
>
> பொருள்: பணி முடிவு
>
> தங்கள் பணி மே 30-ஆம் தேதியுடன் முடிவடைகிறது என்பதை இக்கடிதம் மூலம் தெரிவிக்கிறோம். மார்ச் 3 முதல் ஏப்ரல் 25 வரை நடந்த செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறிக்கப்பட்ட அளவைத் தாங்கள் எட்டாததே இதற்குக் காரணம்.
>
> திட்டத்தின் 7, 8-ஆம் வாரங்களில் சரிபார்க்கப்படும் 100 இன்வாய்ஸுக்குப் பிழை 2-க்கு மேல் இருக்கக் கூடாது என்றும், எட்டாவிட்டால் பணி முடிவுக்கு வரலாம் என்றும் மார்ச் 3 தேதியிட்ட கடிதத்தில் தெரிவித்திருந்தோம். தாங்கள் அதைப் பெற்றுக் கையெழுத்திட்டுள்ளீர்கள்.
>
> இக்காலத்தில் தங்களுக்கு அளிக்கப்பட்ட உதவி: மார்ச் 3 முதல் 14 வரை பத்து வேலை நாள், மூத்த ஊழியருடன் தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி, மார்ச் 12, 19 தேதிகளில் கணக்குக் குறியீடு பற்றிய வகுப்புகள், மார்ச் 10 முதல் பதிவுக்கான சரிபார்ப்புப் பட்டியல், ஆறு வாராந்திரச் சந்திப்புகள். மார்ச் 28, ஏப்ரல் 11 சந்திப்புகளை மேலாளரால் நடத்த இயலவில்லை. அவ்விரு வாரங்களின் பிழை விவரம் மார்ச் 31, ஏப்ரல் 14 தேதிகளில் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது.
>
> முதல் வாரம் 9 ஆக இருந்த பிழை, 7-ஆம் வாரம் 5 ஆகவும் 8-ஆம் வாரம் 6 ஆகவும் இருந்தது. கணக்குக் குறியீட்டுப் பிழை 5-இலிருந்து 1 ஆகக் குறைந்துள்ளது. தொகைப் பிழையும் இரட்டைப் பதிவும் குறையவில்லை. இவற்றைத் தவிர்க்க அளிக்கப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல் 35 வேலை நாள்களில் 21 நாள் நிரப்பப்பட்டது.
>
> ஏப்ரல் 28 சந்திப்பில், தங்களுக்கு வரும் இன்வாய்ஸ் எண்ணிக்கை அதிகம் எனத் தெரிவித்தீர்கள். திட்டக் காலத்தின் பதிவுகளைப் பார்த்தோம். தங்கள் நாள் சராசரி 45. பிரிவின் சராசரி 48. எனவே முடிவில் மாற்றம் இல்லை.
>
> பணி ஒப்பந்தத்தின்படி ஒரு மாத அறிவிப்புக் காலம் இன்று தொடங்குகிறது. மே 30 வரையான சம்பளம், பயன்படுத்தாத விடுப்புக்கான தொகை, பிற நிலுவைகள் பற்றிய கணக்கு இத்துடன் உள்ளது. திருப்பித் தர வேண்டிய பொருள்களின் பட்டியலும் உள்ளது.
>
> இம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்பினால், மே 14-ஆம் தேதிக்குள் இதில் கையெழுத்திடாத மேலதிகாரியான ............. அவர்களுக்கு எழுதலாம்.

முடிவு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? உங்கள் வரைவில் அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வேலை போகிறதா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் ஒன்றரைப் பக்கம் படிக்க வேண்டியிருப்பது கொடுமை. 'வருந்துகிறோம்' என்பதையும் நான் எழுதவில்லை. நேரில் சொல்லுங்கள், நன்றாகவே சொல்லுங்கள். கடிதத்தில் அது வந்தால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஐந்து வருடப் பழக்கத்துக்கும் கடிதத்தில் இடமில்லை. அனுபவச் சான்றிதழில் அதற்கு இடமுண்டு, அங்கே தாராளமாக இருங்கள்.

அறிவிப்புக் காலம், மேல்முறையீட்டு நாள்கள், நிலுவையைக் கொடுக்க வேண்டிய கெடு ஆகியவற்றை நான் ஒரு உதாரணத்துக்காகத்தான் போட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தையும் உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தையும் பார்த்து எச்.ஆர். நிரப்ப வேண்டிய இடங்கள் அவை. ஒப்பந்தம் ஒன்று சொல்லி, சட்டம் அதைவிட அதிக நாள் கொடுத்தால் சட்டம் சொல்வதுதான் செல்லும்.

ஐந்து வருடப் பாசத்தில் உங்களுக்கு இன்னொரு யோசனை வரலாம்: 'ஆள் குறைப்பு' என்று எழுதிவிட்டால் அவருக்கு அவமானம் இருக்காதே என்று. செய்யாதீர்கள். அடுத்த மாதமே அந்த நாற்காலிக்கு ஆள் எடுக்கப் போகிறீர்கள். விளம்பரம் வந்த அன்றே கடிதம் பொய்யாகிவிடும். ஆள் குறைப்புக்கு இழப்பீட்டு விதிகளும் வேறாக இருக்கும். அவராக ராஜினாமா செய்துவிட்டுப் போக விரும்பினால் அது வேறு. யோசிக்க ஓரிரு நாள் கொடுங்கள். அறையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கும் ராஜினாமா பின்னால் பணிநீக்கமாகவே பார்க்கப்படலாம்.

கொடுக்கும் நாளைப் பற்றியும் கொஞ்சம். எச்.ஆரிலிருந்து ஒருவர் உடனிருக்கட்டும், வாரத்தின் நடுவில், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை கொடுத்தால், கேட்க ஆயிரம் கேள்வியோடு அவர் இரண்டு நாள் தனியே கிடப்பார். முதல் நிமிடத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள். எண்களைப் பற்றி மீண்டும் வாதம் வரும். அதற்கு ஒரே பதில்: "இது முடிவான விஷயம், மறுக்க விரும்பினால் மேல்முறையீட்டில் எழுதுங்கள்." 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கையெழுத்து கேளுங்கள், 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எங்கும் அச்சிடாதீர்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். 'இன்று இத்தனை மணிக்கு நேரில் கொடுக்கப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்' என்று பிரதியில் எழுதி நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு, இன்னொரு பிரதியை அவர் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

டீமுக்கு என்ன சொல்வது என்பதை அவரிடமே கேட்டுவிடலாம். 'மே 30 அவருடைய கடைசி நாள், அவர் பார்த்த வேலை இனி இன்னாரிடம்' என்பதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். பிழைக் கணக்கு கோப்பில் இருக்கட்டும், கேன்டீனுக்குப் போக வேண்டாம்.